வாசனை போனில் வராது: மெழுகுவர்த்தி விற்ற அனுபவம்

முதல் ஆர்டர்களை அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நான் செய்து அனுப்பிய மெழுகுவர்த்திதான். நடுவில் கிணறு தோண்டியதுபோல ஒரு குழி, அதன் அடியில் திரி உருகிய மெழுகில் மூழ்கி அணைந்து கிடந்தது. சுற்றிலும் விரல் தடிமனுக்கு மெழுகு உருகாமல் அப்படியே நின்றது. கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, இது இப்படித்தான் எரியுமா?"

அதற்கு முன் இரண்டு வருடம் பொழுதுபோக்காகத்தான் செய்துவந்தேன். தோழிகளுக்கும் உறவினர்களுக்கும் பரிசாகக் கொடுப்பேன், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஒருநாள் மெழுகை ஜாடியில் ஊற்றுவதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். எதிர்பாராமல் நிறையப் பேர் பார்த்தார்கள், 14 ஆர்டர் வந்தது. விற்பனைக்குப் போகிறதே, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வழக்கமான குறுகிய கண்ணாடிக்குப் பதிலாக அகலமான ஜாடி வாங்கினேன். பழைய கண்ணாடியின் உள்விட்டம் ஐந்தரை சென்டிமீட்டர், புதியது ஏழு. திரியை மட்டும் மாற்றவில்லை. பழைய பொட்டலத்தில் மீதி இருந்ததையே போட்டேன். தவறு முழுக்க அங்கேதான் இருந்தது.

திரியின் தடிமன்தான் சுடரின் அளவை முடிவு செய்கிறது. சுடர் எவ்வளவு தூரத்துக்குச் சூடு கொடுக்குமோ அதுவரைதான் மெழுகு உருகும். ஐந்தரை சென்டிமீட்டருக்குப் போதுமான சுடர் ஏழு சென்டிமீட்டர் ஜாடியில் ஓரத்தை எட்டாது. நடுவில் மட்டும் உருகிக் கீழே இறங்கிக்கொண்டே போகும். டனலிங் என்று சொல்வார்கள். குழி ஆழமாக ஆக, காற்றுக் குறைந்து சுடர் திணறும், பிறகு தானாகவே அணைந்துவிடும். இதையெல்லாம் அந்தப் படம் வந்த பிறகுதான் உட்கார்ந்து புரிந்துகொண்டேன்.

மற்ற 13 பேருக்கும் நானே செய்தி அனுப்பினேன். யாரும் புகார் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. ஐந்து பேர் ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள், ஐந்திலும் குழி. மெழுகை வீணாக்காமல் இருக்க அவர்களுக்கு ஒரு வழி சொன்னேன்: ஜாடியின் வாயைச் சுற்றி அலுமினியத் தாளை மடித்து, நடுவில் சுடருக்கு மட்டும் அகலமாக இடம் விட்டுப் பக்கத்திலேயே இருந்து ஒரு மணி நேரம் எரியவிட்டால், சூடு உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓரத்து மெழுகும் உருகிச் சமமாகும். தாள் சுடும் என்பதால் எடுக்கும்போது கவனம் வேண்டும். இது தற்காலிக வைத்தியம்தான். 14 பேருக்கும் புதிதாகச் செய்து அனுப்புவதாகச் சொன்னேன், சொன்னபடி அனுப்பினேன். முதல் மாத வருமானம் முழுவதும் அதில் போய்விட்டது. ஆனால் அந்தப் படத்தை அனுப்பியவர் இன்றுவரை என்னிடம் வாங்குகிறார்.

பரிசு வாங்கியவர்கள் இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறது என்றதை எவ்வளவு நம்பலாம் என்று யோசித்தேன். பாதிப் பேர் அலமாரியில் அழகுக்கு வைத்திருந்தார்கள், ஏற்றவே இல்லை. ஏற்றியவர்களும், ஏதாவது குறை இருந்தாலும், அன்பாகக் கொடுத்ததைக் குறை சொல்வானேன் என்று விட்டிருப்பார்கள். நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்வதை விற்பனைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எரித்துப் பார்த்த குறிப்புத்தான் சான்று.

அந்தக் குறிப்பை எப்படி எடுப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தொழிலின் மையம் அதுதான். ஜாடி, மெழுகு, வாசனை எண்ணெய், சாயம், திரி என்ற ஐந்தும் சேர்ந்தால் ஒரு கூட்டு. இதில் ஒன்றை மாற்றினாலும் புதிய கூட்டுத்தான், புதிதாகச் சோதிக்க வேண்டும். லாவெண்டருக்குச் சரியாக எரியும் திரி அதே ஜாடியில் வெனிலாவுக்கு மங்கலாக எரியலாம். எண்ணெயின் கனமும் அளவும் திரி மெழுகை உறிஞ்சும் வேகத்தை மாற்றிவிடும். சாயம் அதிகமானால் திரியின் இழைகளை அடைத்துவிடும்.

நான் செய்வது இப்படி. ஒரே கலவையில் மூன்று ஜாடிகளை ஊற்றுவேன். திரி விற்பவர் அந்த விட்டத்துக்குச் சொல்லும் எண்ணில் ஒன்று, அதற்கு ஒரு அளவு சிறியதில் ஒன்று, ஒரு அளவு பெரியதில் ஒன்று. மூன்றையும் மூடி, தேதி எழுதி, இரண்டு வாரம் எடுத்து வைத்துவிடுவேன். சோயா மெழுகு இறுகியபின்னும் உள்ளே மெதுவாகப் படிந்துகொண்டிருக்கும். மறுநாளே ஏற்றினால் எரியும் விதமும் வாசனையும் வேறு, இரண்டு வாரம் கழித்து வேறு. பாரஃபின் மெழுகுக்கு இவ்வளவு நாள் வேண்டாம், சில நாளே போதும். நான் பயன்படுத்துவது சோயா என்பதால் காத்திருப்பேன்.

அப்புறம் காற்று வீசாத ஓர் அறையில், சூடு தாங்கும் தட்டின் மேல் மூன்றையும் இடைவெளி விட்டு வைத்து நான்கு மணி நேரம் எரிப்பேன். நான் அந்த அறையை விட்டு வெளியே போவதில்லை. ஒவ்வொரு மணிக்கும் உருகிய பகுதி ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, சுடர் எவ்வளவு உயரம், ஆடுகிறதா, புகை வருகிறதா, ஜாடி கையால் தொடும் சூட்டில் இருக்கிறதா என்று எழுதுவேன். நான்கு மணி முடிந்ததும் அணைத்து, முழுக்க ஆறவிட்டு, திரியை ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மறுபடி நான்கு மணி நேரம். அடியில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் மெழுகு மிச்சம் இருக்கும்வரை இப்படியே.

திரி பெரிதாகிவிட்டால் அதுவே சொல்லிவிடும். நுனியில் காளான்போலக் கரி திரளும், சுடர் உயர்ந்து துடிக்கும், ஜாடியின் உள்வாயில் கறுப்புப் படியும், உருகிய மெழுகு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகத் தேங்கும். காளான்போலக் கரி திரள்வதற்கு எண்ணெய் அதிகமாகிப்போனதும் காரணமாக இருக்கலாம், அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். சிறிதாகிவிட்டால், மேலே சொன்ன குழி.

இதில் நான் தாமதமாகக் கற்றது ஒன்று உண்டு. முதல் நான்கு மணியிலேயே ஓரம்வரை அழகாக உருகுகிற திரியைப் பார்த்ததும் இதுதான் சரி என்று முடிவு செய்துவிடுவேன். அது தவறு. மெழுகு கீழே இறங்க இறங்க, கண்ணாடிச் சுவர் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். மேலே சரியாக எரிந்த அதே திரி, பாதிக்குக் கீழே போனதும் அளவுக்கு மீறிச் சூடாகும். கடைசிச் சுற்றில்தான் ஜாடி மிகவும் சுடும், விரிசல் விடும் அபாயமும் அப்போதுதான். ஆகவே முதல் சுற்றில் ஓரத்தில் மெல்லிய வளையம் மிச்சம் வைத்து, இரண்டாவது மூன்றாவது சுற்றில் அதையும் உருக்கிக்கொண்டு போகிற திரியைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ளக் கடைசிவரை எரித்தே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை.

இன்னொரு பயனும் இந்தச் சோதனையில் கிடைத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் ஜாடியை எடை போட்டேன். நான்கு மணி நேரத்தில் சராசரியாக 22 கிராம் குறைந்தது, அதாவது மணிக்கு ஐந்தரை கிராம். ஜாடியில் 165 கிராம் ஊற்றுகிறேன். அடியில் விட வேண்டியது 35 கிராம் அளவு. மீதி 130 கிராமை ஐந்தரையால் வகுத்தால் 23 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். லேபிளில் "சுமார் 23 மணி நேரம்" என்று போட்டேன். பலர் இதைவிடப் பெரிய எண்ணைப் போடுகிறார்கள். வாங்கியவர் எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கலவைக் கணக்கிலும் ஒரு சின்ன இடறல் உண்டு. எட்டு சதவீதம் வாசனை என்றால் மெழுகின் எடையில் எட்டு சதவீதம். பன்னிரண்டு ஜாடிக்கு மொத்தம் 1980 கிராம் வேண்டுமென்றால் அதை 1.08-ஆல் வகுக்க வேண்டும். மெழுகு 1833 கிராம், எண்ணெய் 147 கிராம். எல்லாமே தராசில்தான், அளவுக் குவளையில் இல்லை. ஜாடியில் 165 மில்லி என்று குறித்திருப்பது தண்ணீருக்கு. மெழுகு தண்ணீரைவிட லேசானது, அந்தக் கோடுவரை ஊற்றினால் 165 கிராம் வராது. எண்ணெயை எந்தச் சூட்டில் சேர்ப்பது, எந்தச் சூட்டில் ஊற்றுவது என்பது மெழுகுக்கு மெழுகு மாறும் என்பதால் அதை விற்பவர் தரும் தாளைப் பார்ப்பதுதான் சரி. உருக்குவது எப்போதும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில்தான். தப்பித் தவறி மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி போட்டு அடுப்பை அணைக்க வேண்டும். அந்த மூடியைக் கை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன்.

சரி, நன்றாக எரியும் மெழுகுவர்த்தி கைக்கு வந்தது. இனி விற்க வேண்டும்.

ஊற்றுகிற வீடியோ, திரி வெட்டுகிற வீடியோ, ரிப்பன் கட்டுகிற வீடியோ என்று தொடர்ந்து போட்டேன். பார்த்தார்கள், இதயம் போட்டார்கள், வாங்கியவர்கள் மிகக் குறைவு. பல வாரம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. வாசனை மெழுகுவர்த்தியை மக்கள் வாங்குவது மூக்கால். பின்னல் பையோ வாழ்த்து அட்டையோ படத்தில் தன்னை முழுதாகக் காட்டிவிடும். என் பொருளின் முக்கியமான பாதி படத்தில் வராது. முன்பின் தெரியாத ஒருவரிடம், முகர்ந்து பார்க்காத ஒன்றை வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, போனில் எதைக் காட்ட முடியுமோ அதைக் காட்டுவோம் என்று மாற்றினேன். சோதனை எரிப்பையே வீடியோவாக்கினேன். நான்கு மணி நேரத்தை அரை நிமிடமாகச் சுருக்கி, உருகிய வட்டம் ஓரத்தைத் தொடுவதுவரை காட்டினேன். குழி விழுந்த என் பழைய ஜாடியையும் பக்கத்தில் வைத்து எது ஏன் இப்படி ஆனது என்று பேசினேன். முந்தைய வீடியோக்களைவிடக் குறைவான பேர்தான் பார்த்தார்கள், ஆனால் கேள்விகள் வந்தன. "நான் வாங்கியதும் இப்படித்தான் ஆனது, என்ன செய்வது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதினேன். கேள்வி கேட்டவர்களில் பலர் பிறகு வாங்கினார்கள்.

வாசனையை எழுதும் விதத்தையும் மாற்றினேன். "மனதை மயக்கும் நறுமணம்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. "எலுமிச்சம்புல்: கசக்கிய இலையின் வாசனை, கூர்மையாக இருக்கும், இனிப்பு இல்லை, சின்ன அறைக்குப் போதும்" என்று எழுதினால் பிடிக்குமா பிடிக்காதா என்று அவர்களே முடிவு செய்வார்கள். யாருக்குப் பிடிக்காது என்பதையும் எழுதுவேன். இனிப்பு வாசனை தலைவலி தரும் என்பவர்கள் வெனிலா வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். அத்துடன், ஒவ்வொரு பெட்டியிலும் அவர்கள் வாங்காத ஒரு வாசனையின் சின்ன மெழுகு வில்லையைத் துணிப்பையில் போட்டு அனுப்புகிறேன். ஏற்றுவதற்கு இல்லை, முகர்ந்து பார்க்க மட்டும். அடுத்த ஆர்டர் பெரும்பாலும் அந்த வாசனைக்குத்தான் வரும்.

வெனிலா என்றதும் நினைவு வருகிறது. ஊற்றிய மறுநாளே படம் எடுத்துப் போட்டேன், பால்போல வெள்ளை. மூன்று வாரம் கழித்து வாங்கியவர், "பழையதை அனுப்பிவிட்டீர்களா, மஞ்சளாக இருக்கிறதே" என்று கேட்டார். வெனிலா எண்ணெயில் இருக்கும் வெனிலின் நாளாக ஆக மெழுகைப் பழுப்பாக்கும், கெட்டுப்போனது இல்லை. ஆனால் படத்தில் வெள்ளையைக் காட்டிவிட்டுப் பழுப்பைக் கொடுத்தால் அவர் கேட்பது நியாயம்தானே. இப்போது எந்த ஜாடியாக இருந்தாலும் இரண்டு வாரம் கழித்துத்தான் படம். வெனிலாவைப் பழுப்பு நிறக் கண்ணாடியில் ஊற்றுகிறேன். சோயா மெழுகில் பனி படர்ந்ததுபோல வெள்ளைப் பூப்பு வருவதையும் படத்திலேயே காட்டி, இது இந்த மெழுகின் இயல்பு, எரிவதைப் பாதிக்காது என்று எழுதிவிடுகிறேன்.

முகர்ந்து வாங்கும் பொருளுக்கு ஸ்டால்தான் இடம் என்று தோன்றி, ஒரு வார இறுதிச் சந்தையில் மேசை எடுத்தேன். எட்டு வாசனை, 36 ஜாடி. மாலையில் 25 ஜாடியோடு திரும்பி வந்தேன்.

அன்று நடந்ததை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தேன். முதலாவது, வெயில். மேசைக்கு மேலே மறைப்பு இருந்தது, ஆனால் பிற்பகலில் வெயில் பக்கவாட்டில் வந்து விழுந்தது. முன்வரிசை ஜாடிகளின் மேல்பரப்பு இளகி, எண்ணெய் முத்து முத்தாக வியர்த்தது. அவற்றை விற்க முடியவில்லை. வண்டியில் மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தாலும் வெயிலில் நின்றால் இதேதான் ஆகும்.

இரண்டாவதுதான் பெரியது. வந்தவர்கள் ஒவ்வொன்றாக எட்டையும் முகர்ந்தார்கள். நான்காவது ஐந்தாவதுக்கு மேல் மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. "எல்லாமே நன்றாக இருக்கிறது, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன்" என்று போய்விட்டார்கள். யாரும் திரும்பி வரவில்லை. அவர்கள் மேல் தவறு இல்லை. நான்தான் அவர்களால் தேர்ந்தெடுக்க முடியாதபடி அடுக்கி வைத்திருந்தேன். இன்னொன்று, விற்கும் ஜாடிகளையே திறந்து திறந்து முகர்ந்ததால் மெழுகின் மேல் விரல் பதிந்திருந்தது.

அடுத்த சந்தைக்கு நான்கு வாசனை மட்டும் எடுத்துப் போனேன். ஒவ்வொன்றுக்கும் முகர்வதற்கென்று ஒரு ஜாடி, அதன்மேல் "முகர்ந்து பாருங்கள்" என்று எழுதிய மூடி. மூடியிட்ட ஜாடியில் வாசனை மேலே தேங்கி நிற்கும். மூடியைக் கவிழ்த்து முகர்ந்தால் மெழுகைவிட நன்றாகத் தெரியும். அப்படி முகர எடுத்துக் கொடுப்பேன். லேசானதில் தொடங்கி அழுத்தமானதில் முடியும்படி இடமிருந்து வலமாக வைத்தேன். எடுத்தவுடன் காபி வாசனையை முகர்ந்தால் அதற்குப் பிறகு லாவெண்டர் தெரியாது. அப்புறம், யாரிடமும் எது பிடிக்கும் என்று கேட்கவில்லை. எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள், இனிப்பான வாசனையா புத்துணர்ச்சியான வாசனையா என்று இரண்டு கேள்வி கேட்டு, இரண்டே மூடியை நீட்டினேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது யாருக்கும் எளிது.

வெளியில் காற்று இருப்பதால் ஏற்றிக் காட்டவில்லை. சுடர் ஆடிப் புகையும், அதைப் பார்த்தால் பொருளே மோசம் என்று தோன்றும். பல இடங்களில் ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பதும் இல்லை. பாதி எரிந்த சோதனை ஜாடி ஒன்றை மேசையில் வைத்தேன். ஓரத்தில் மெழுகு ஒட்டாமல் சமமாக இறங்கியிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். வெயில் படும் பக்கத்தில் துணி கட்டினேன், மேசைமேல் எட்டு ஜாடி மட்டும் வைத்து மீதியை நிழலில் பெட்டிக்குள் வைத்தேன். 30 எடுத்துப் போனதில் 24 விற்றன.

ஸ்டாலில் வாங்கியவர் ஒரு முறை வாங்கியவர்தான். அவர் மறுபடி வாங்குவது போன் வழியாக நடக்க வேண்டும். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும் இடம் இதுதான். முதல் முகர்தல் ஸ்டாலில், இரண்டாவது ஆர்டர் வாட்ஸ்அப்பில். முகர்ந்து வாங்கிய வாசனை அவருக்கு ஏற்கெனவே தெரியும், போனில் வாசனை வராதது அதன்பின் ஒரு குறையே இல்லை.

அதற்காக ஒரு அட்டையைப் பெட்டியில் வைக்கிறேன். ஒரு பக்கம் எரிக்கும் முறை: முதல் தடவை ஓரத்துக்கு அருகில் உருகும்வரை எரியவிடுங்கள், ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு முறையும் திரியை வெட்டுங்கள், எரியும்போது தனியாக விட்டுப் போகாதீர்கள், குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல், திரைச்சீலைக்குத் தள்ளி வையுங்கள், அடியில் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். மறுபக்கம் வாசனையின் பெயரும் என் எண்ணும். அட்டை தொலைந்துவிடும் என்பதால் வாசனைப் பெயரையும் எண்ணையும் ஜாடியின் அடியிலும் ஒட்டுகிறேன். மெழுகு தீர்ந்ததும் கண்ணில் படுவது அந்த அடிப்பக்கம்தான். எச்சரிக்கை வரிகளும் அங்கே உண்டு.

வாட்ஸ்அப்பில் ஒரு விஷயம் தெரியாமல் சில மாதம் வீணாக்கினேன். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். நான் அறுபது பேருக்கு அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருந்தது பாதிப் பேருக்குக்கூடப் போயிருக்காது. இப்போது ஸ்டாலிலேயே, "புது வாசனை வந்தால் சொல்கிறேன், எண்ணைச் சேமித்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறேன். விருப்பம் இல்லாதவர்களை விட்டுவிடுகிறேன். மாதத்துக்கு ஒரு செய்திக்கு மேல் அனுப்புவதில்லை.

விலை பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. தொகை இடத்துக்கு இடம் மாறும், ஆகவே விகிதமாகச் சொல்கிறேன். என் பொருள் செலவை 100 பங்கு என்று வைத்தால் ஜாடியும் மூடியும் மட்டும் 45, மெழுகு 22, எண்ணெய் 20, திரி, லேபிள், பெட்டி எல்லாம் சேர்ந்து 13. பொழுதுபோக்காகச் செய்தபோது மெழுகு விலையைத்தான் செலவு என்று நினைத்திருந்தேன். அழகுக்காக ஜாடியை மாற்றும்போதெல்லாம் செலவின் பெரிய பங்கு ஏறுகிறது, சோதனையும் முதலிலிருந்து தொடங்குகிறது. அதனால் இரண்டு வருடமாக ஒரே ஜாடிதான்.

நேரத்தை ஒரு மாதம் கடிகாரம் வைத்து எழுதினேன். பன்னிரண்டு ஜாடி செய்ய, துடைப்பது முதல் லேபிள் ஒட்டிப் பாத்திரம் கழுவுவதுவரை 170 நிமிடம், அதாவது ஒரு ஜாடிக்கு 14 நிமிடம். போனில் ஒரு ஜாடி விற்க, பேசுவது, விலாசம் வாங்குவது, உடையாதபடி சுற்றுவது, கொண்டுபோய்க் கொடுப்பது என்று 40 நிமிடம். ஸ்டாலில் அடுக்குவதும் விற்பதும் எடுத்து வைப்பதும் சேர்ந்து 10 மணி நேரம், 24 ஜாடிக்கு வகுத்தால் 25 நிமிடம். செய்வதைவிட விற்பதுதான் நேரத்தைத் தின்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஜாடிக்கு 14 நிமிடக் கூலி போட்டு விலை வைத்திருந்தேன், மீதி உழைப்புக்குக் கூலியே இல்லை.

விலையை ஏற்றினேன். கூடவே போனில் ஒற்றை ஜாடியை நிறுத்தி இரண்டு ஜாடித் தொகுப்பாக மாற்றினேன். பேசும் நேரமும் கட்டும் நேரமும் ஏறக்குறைய அதேதான், ஒரு ஜாடிக்குப் பாதியாகிவிடுகிறது. அனுப்புவது வாரத்தில் இரண்டு நாள் மட்டும். தினமும் கேட்கப்படும் கேள்விகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில்களை எழுதி வைத்தேன். ஸ்டாலுக்கும் போனுக்கும் ஒரே விலை, அனுப்பும் செலவு மட்டும் தனி. தொடக்கத்தில் ஸ்டாலில் குறைத்துக் கொடுத்தேன். போனில் வாங்குபவர்கள் அடுத்த சந்தை எப்போது என்று கேட்டுக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

போன மாதம் ஒரு விழாவுக்கு 60 மெழுகுவர்த்தி கேட்டு ஒருவர் அழைத்தார். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அவர் காட்டிய படத்தில் இருந்தது வாய் குறுகிய, வயிறு அகன்ற ஒரு கண்ணாடி, வாசனையும் நான் செய்யாத ஒன்று. எனக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். புதிய கண்ணாடிக்கும் புதிய வாசனைக்கும் மூன்று திரி ஊற்றிச் சோதிக்கவே இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், சுடர் கீழே இறங்க இறங்க அந்த வடிவத்தில் எங்கே சூடு தேங்கும் என்று எனக்குத் தெரியாது, சோதிக்காததை அறுபது பேர் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று காரணத்தோடு சொன்னேன். அலமாரியில் லாவெண்டரும் எலுமிச்சம்புல்லும் சேர்த்து 38 ஜாடி, இரண்டு வாரம் முடிந்தவை, தேதி ஒட்டித் தயாராக இருந்தன. நான்கு நாளுக்கு முன் ஊற்றிய இன்னொரு 24 இருந்தது, விழா நாளன்று அவற்றுக்கும் பதினாறு நாள் ஆகியிருக்கும். லேபிளில் அவர்கள் பெயர் மட்டும் புதிதாக அச்சடித்துத் தருகிறேன் என்றேன்.

அவர் மறுநாள் யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். மாலையில் தன் அம்மாவோடு நேரில் வந்து, இரண்டு மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு, எலுமிச்சம்புல் முப்பது, லாவெண்டர் முப்பது என்று எழுதிக் கொடுத்துப் போனார்.